ஓட்டம் 470, சுருக்கம் 70 சதவீதம்: ஃபிஸ்டுலா ஸ்கேன் அறிக்கையை எப்படிப் படிப்பது?

டயாலிசிஸ் செய்துகொள்பவர் கையில் ஃபிஸ்டுலா ஸ்கேன் அறிக்கை வந்ததும், அவரது கண் நேராகப் போய் நிற்பது ‘சுருக்கம்’ என்ற சொல்லிலும் அதை ஒட்டிய சதவீதத்திலும்தான். 70 சதவீதம் என்று இருந்தால், மாரடைப்பு வந்தவரின் ஆஞ்சியோ அறிக்கையைப் பார்த்ததுபோல வீட்டில் எல்லோரும் பதறிவிடுவார்கள். அதே தாளில் இன்னொரு எண் சத்தமில்லாமல் இருக்கும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் ஓடுகிறது என்பது அந்த எண். சிறுநீரக மருத்துவர் முதலில் பார்ப்பது அதைத்தான். 70 சதவீதச் சுருக்கம் ஒருவருக்கு அந்த வாரமே சரிசெய்ய வேண்டியதாக இருக்கும். இன்னொருவருக்குத் தொடாமல் விடவேண்டியதாக இருக்கும். எது எப்போது என்பது இரண்டு எண்களையும் டயாலிசிஸ் மேசையில் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

எண்கள் எப்படி வருகின்றன என்பதைக் காட்ட ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 56. இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டு இரண்டு ஆண்டு ஆகிறது. நான்கு மாதம் முன்பு எடுத்த ஸ்கேனில் ஓட்டம் 780 மில்லி. இப்போது டெக்னீஷியன் சொல்கிறார்: “அண்ணே, ரெண்டு வாரமா பம்ப் 250-ஐத் தாண்டவே மாட்டேங்குது. ஏத்தினா அலாரம் அடிக்குது. டாக்டர்கிட்ட சொல்லி ஒரு டாப்ளர் பாத்துடுங்க.”

ஃபிஸ்டுலாவில் என்ன நடக்கிறது?

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 250 முதல் 350 மில்லி ரத்தம் வேண்டும். கையில் மேலாகத் தெரியும் சிரை அவ்வளவு தராது. தமனியில் அழுத்தம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதில் ஊசி குத்த முடியாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் பிரெஸ்சியா, சிமினோ, அப்பெல், ஹர்விச் ஆகியோர் மணிக்கட்டுத் தமனியைப் பக்கத்துச் சிரையோடு நேரடியாக இணைக்கும் முறையை 1966-இல் வெளியிட்டார்கள். இன்றும் மணிக்கட்டில் போடப்படுவது அடிப்படையில் அதே அறுவைதான்.

இணைத்ததும் தமனி ரத்தம் தந்துகிகளுக்குப் போகாமல் குறுக்கு வழியில் சிரைக்குள் பாய்கிறது. ஓய்வாக இருக்கும் ஒரு கைக்கு, மேல்கைத் தமனி வழியாக நிமிடத்துக்கு 100 மில்லிக்கும் குறைவாகவே ரத்தம் போகும். ஃபிஸ்டுலா பழுத்த பிறகு அதே தமனியில் 500, 800, சிலருக்கு ஆயிரத்துக்கு மேலும் ஓடும். இந்த ஓட்டத்தால் சிரை விரிந்து சுவர் தடித்து, ஊசி தாங்கும் நிலைக்கு வருகிறது. கை வைத்தால் உணரப்படும் அதிர்வும் இந்த ஓட்டத்தின் அடையாளம்தான்.

ஓட்டத்தை அளப்பது எங்கே, எப்படி?

ஊசி குத்துவது சிரையில். ஆனால் ஓட்டத்தை அளக்க, ஸ்கேன் மருத்துவர் முழங்கைக்கு மேலே மேல்கைத் தமனியில் கருவியை வைப்பார். ‘ஃபிஸ்டுலா கீழே இருக்கிறதே, ஏன் மேலே பார்க்கிறீர்கள்?’ என்று நோயாளிகள் கேட்பதுண்டு. சிரை ஓரிடத்தில் பெருத்தும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருக்கும். கருவியை லேசாக அழுத்தினாலே நசுங்கிவிடும். உள்ளே ரத்தம் சுழித்தும் ஓடும். இவை மூன்றும் அளவைக் கெடுக்கும். மேல்கைத் தமனி வட்டமானது, நேரானது, ஓட்டமும் சீரானது. அதில் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி ஃபிஸ்டுலாவுக்குத்தான் போகிறது; கையின் தசைகளுக்குப் போகும் சிறு பங்கு கணக்கைப் பெரிதாக மாற்றாது.

கணக்கு மிக எளிது. தமனியின் குறுக்கு வெட்டுப் பரப்பை ரத்தத்தின் சராசரி வேகத்தால் பெருக்கி, 60-ஆல் பெருக்கினால் ஒரு நிமிட ஓட்டம் கிடைக்கும். நம் நோயாளியின் தமனி விட்டம் 5 மி.மீ., அதாவது 0.5 செ.மீ. பரப்பு 0.196 சதுர செ.மீ. சராசரி வேகம் நொடிக்கு 40 செ.மீ. பெருக்கினால் நொடிக்கு 7.85 மில்லி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 470 மில்லி.

இந்தக் கணக்கில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பரப்பு என்பது விட்டத்தின் வர்க்கம். விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டி 5.5 என்று அளந்துவிட்டால், ஓட்டம் 570 ஆகிவிடும். அரை மில்லிமீட்டர் குறைத்து 4.5 என்று அளந்தால் 380 ஆகிவிடும். நோயாளி அதே நோயாளி, ஓட்டமும் அதே ஓட்டம். தமனியின் உள்சுவரில் புள்ளி வைக்கும் விரலின் சிறு நடுக்கம், ‘பரவாயில்லை’ என்பதற்கும் ‘உடனே பார்க்கவேண்டும்’ என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை விழுங்கிவிடும். அதனால்தான் கவனமான ஆய்வகங்களில் மூன்று முறை அளந்து சராசரி எடுக்கிறார்கள். ஒலிக்கதிருக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தை 60 பாகைக்குள் வைக்கிறார்கள்.

அளக்கும் நேரமும் முக்கியம். டயாலிசிஸ் முடிந்து இறங்கிய கையோடு ஸ்கேனுக்குப் போனால், உடலிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீர் எடுக்கப்பட்டு ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும். ஓட்டமும் தாழ்ந்துதான் காட்டும். கையில் கட்டு வேறு இருக்கும். டயாலிசிஸ் இல்லாத நாளிலோ, தொடங்கும் முன்போ எடுப்பதே நல்லது. சிலருக்கு மேல்கைத் தமனி முழங்கைக்கு வெகு மேலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். அதைக் கவனிக்காமல் ஒரு கிளையை மட்டும் அளந்தால், நன்றாக ஓடும் ஃபிஸ்டுலாவும் மோசமானதாகத் தெரியும்.

இத்தனை ஏற்ற இறக்கம் இருப்பதால் ஒற்றை எண்ணைவிட, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே நம்பத்தக்கது. 470 என்பது தனியாக நின்றால் எல்லைக்கோட்டு எண். நான்கு மாதம் முன்பு 780 இருந்தது என்பதோடு சேர்த்தால், ஓட்டம் 40 சதவீதம் விழுந்திருக்கிறது. அளவுப் பிழை என்று ஒதுக்க முடியாத அளவு அது.

சுருக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஓட்டம் குறைந்திருக்கிறது என்று தெரிந்தபின், எங்கே தடை என்று தேடவேண்டும். கருவி தமனியிலிருந்து தொடங்கி, இணைப்பைக் கடந்து, சிரை வழியாகத் தோள்வரை செல்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சுவர் தடித்து உள்வழி ஒடுங்கிய இடம் தெரியும். வண்ணப் படத்தில் அங்கே நிறங்கள் கலங்கும். அந்த இடத்தில் வேகத்தை அளப்பார்கள்.

தோட்டத்து ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிடுகிறதே, அதுதான் இங்கும் நடக்கிறது: வழி ஒடுங்கிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கிறது. அறிக்கையில் ‘பி.எஸ்.வி.’ என்று இருப்பது, இதயம் சுருங்கும் கணத்தில் அந்த இடத்தில் ரத்தம் எட்டும் உச்ச வேகம்.

உச்ச வேகம் மட்டும் போதாது. ஃபிஸ்டுலாவில் எங்குமே ரத்தம் வேகமாகத்தான் ஓடும். ஓட்டம் மிகுந்த நல்ல ஃபிஸ்டுலாவிலும் எண் பெரிதாக இருக்கும். அதனால் சந்தேக இடத்தின் வேகத்தை, அதற்கு 2 செ.மீ. முன்னால், ரத்தம் வரும் பக்கத்து வேகத்தால் வகுக்கிறார்கள். சிரையின் நடுவில் இந்த விகிதம் 2-ஐத் தாண்டினால், விட்டம் பாதிக்கு மேல் ஒடுங்கியிருக்கிறது என்று கொள்வது வழக்கம். இணைப்பில் மட்டும் 3 வேண்டும். அங்கே தமனி திடீரென்று வளைந்து சிரைக்குள் நுழைவதால், சுருக்கமே இல்லாவிட்டாலும் வேகம் இயல்பாகக் கூடியிருக்கும்.

நம் நோயாளிக்கு இணைப்பை ஒட்டி, சிரையின் முதல் இரண்டு செ.மீ.க்குள் ஓர் ஒடுங்கிய இடம். அங்கே உச்ச வேகம் நொடிக்கு 440 செ.மீ. இணைப்புக்கு 2 செ.மீ. மேலே, ரத்தம் கொண்டுவரும் மணிக்கட்டுத் தமனியில் 110. விகிதம் 4. உள்விட்டம் 1.7 மி.மீ.; அதைத் தாண்டியதும் சிரையின் விட்டம் 5.6 மி.மீ.

அறிக்கையின் சதவீதம் இந்த இரண்டு விட்டங்களிலிருந்து வருகிறது. 5.6-இல் 3.9 மி.மீ. போய்விட்டது, அதாவது 70 சதவீதம். இதையே பரப்பாகக் கணக்கிட்டால் 91 சதவீதம் ஆகிவிடும். இரண்டும் சரிதான், குறிப்பது ஒரே இடத்தைத்தான். ஓர் ஆய்வகத்தில் 70, அடுத்ததில் 90 என்று வந்தால், ஒரு மாதத்தில் நோய் முற்றிவிட்டது என்று பதறுவதற்கு முன், விட்டமா பரப்பா என்று கேட்க வேண்டும். ஒப்பிட எடுத்த சிரைப்பகுதி எது என்பதும் சதவீதத்தை மாற்றும். பலூன்போல வீங்கிய பகுதியோடு ஒப்பிட்டால் எந்தச் சிரையும் சுருங்கியதாகவே தெரியும். அந்த வகையில், சதவீதத்தைவிட 1.7 மி.மீ. என்ற நேரடி அளவு அதிகம் சொல்கிறது. 2 மி.மீ.க்குக் கீழே போன வழி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் சுருக்கம் வந்தது தற்செயல் அல்ல. அறுவையின்போது சிரையைத் தசையிலிருந்து விடுவித்துத் தமனி பக்கம் திருப்புகிறார்கள். அப்படித் திருப்பிய பகுதியில் ரத்தம் சுவரில் மோதிச் சுழிக்கிறது. அதற்கு எதிர்வினையாக உட்சுவரின் செல்கள் பெருகித் தடிக்கின்றன. மணிக்கட்டு ஃபிஸ்டுலாவில் சுருக்கம் அதிகம் வரும் இடம் இதுதான். முழங்கையில் போட்ட ஃபிஸ்டுலா என்றால், சிரை தோளருகே வளைந்து ஆழமான சிரையில் சேரும் இடத்தில் முதலில் தேடுவார்கள்.

டயாலிசிஸ் மேசையில் இதற்கு என்ன பொருள்?

ஊசிகள் இரண்டு. சிவப்புக் குழாய் ஊசி ரத்தத்தை இழுக்கிறது. நீலக் குழாய் ஊசி சுத்தமான ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. சுருக்கம் இந்த இரண்டு ஊசிகளுக்கும் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

நம் நோயாளிக்கு முன்னால் இருக்கிறது. பம்ப் இழுக்கிறது, உள்ளே வருவது போதவில்லை. சிரை ஊசிமுனையில் ஒட்டிக்கொள்கிறது, இழுக்கும் பக்கத்து அழுத்தம் எதிர்மறையில் மேலும் மேலும் தாழ்கிறது, அலாரம் அடிக்கிறது. ‘470 ஓடுகிறதே, 300-தானே இழுக்கிறோம்’ என்று கேட்கலாம். 470 என்பது படுத்து ஓய்வாக இருந்தபோது எடுத்த அளவு. டயாலிசிஸின் மூன்றாவது மணி நேரத்தில் ரத்த அழுத்தம் 140-இலிருந்து 100-க்கு இறங்கும்போது ஓட்டமும் சேர்ந்து இறங்குகிறது. அது பம்பின் வேகத்தைவிடக் கீழே போனால், நீல ஊசியில் திரும்பிவந்த சுத்த ரத்தத்தையே சிவப்பு ஊசி மறுபடி இழுக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். சுத்தமான ரத்தமே சுற்றிச் சுற்றிச் சுத்தமாகும். உடலில் கழிவு அப்படியே தங்கும். ஃபிஸ்டுலாவின் ஓட்டம் நிமிடத்துக்கு 500 மில்லிக்குக் கீழே போவதை எச்சரிக்கையாகக் கொள்வதன் காரணம், பம்பின் தேவைக்கு மேல் இந்த இடைவெளி வேண்டும் என்பதுதான்.

டெக்னீஷியன் அலாரத்தை நிறுத்த பம்பை 220-க்கு இறக்குகிறார். நான்கு மணி நேரத்தில் 300 வேகத்தில் 72 லிட்டர் ரத்தம் வடிகட்டியைக் கடந்திருக்கும். 220-இல் 53 லிட்டர்தான். யூரியா எத்தனை சதவீதம் குறைந்தது என்ற பரிசோதனையில் அது தெரிகிறது: 68-ஆக இருந்தது 60-ஆகிவிட்டது, குறைந்தது 65 வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் டயாலிசிஸ் செய்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு இந்த இழப்பை ஈடுகட்ட மூன்றாவது நாள் கிடையாது.

சுருக்கம் ஊசிகளுக்குப் பின்னால், தோள் பக்கம் இருந்தால் படம் தலைகீழ். ரத்தம் வருவதில் குறையில்லை, வெளியேறுவதில்தான் தடை. நீல ஊசிப் பக்கத்து அழுத்தம் வாரத்துக்கு வாரம் ஏறும். ஊசியை எடுத்த பின் பத்து நிமிடத்தில் நிற்கும் ரத்தம் அரைமணி நேரம் கசியும். தொட்டால் அதிர்வுக்குப் பதிலாக நாடிபோல ‘டப் டப்’ என்று துடிக்கும். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் சாதாரணமாகத் தளரவேண்டிய சிரை, தளராமல் புடைத்தே நிற்கும். நம் நோயாளியின் கையில் இதற்கு மாறாக, இணைப்பைத் தாண்டியதும் சிரை தொளதொளவென்று இருந்தது, அதிர்வும் மெலிந்திருந்தது. ஸ்கேன் சொல்லும் இடத்தோடு கை சொல்வதும் பொருந்துகிறது.

சரிசெய்ய வேண்டியது எது, விடவேண்டியது எது?

இந்த நோயாளிக்குக் கேள்வியே இல்லை. சுருக்கம் இருக்கிறது, ஓட்டம் விழுந்திருக்கிறது, டயாலிசிஸ் கெட்டிருக்கிறது. மூன்றும் ஒரே திசையில் கை காட்டுகின்றன. சிரை வழியாக பலூன் செலுத்தி விரிக்கலாம். இணைப்பை ஒட்டிய சுருக்கம் என்பதால், சற்று மேலே புதிதாக இணைத்துத் தைக்கும் சிறு அறுவையும் நல்ல வழி. பலூன் செய்தால், வேலை நடந்ததா என்பதை அதே ஸ்கேன் காட்டும். அதே மேல்கைத் தமனியில் அளந்து, ஓட்டம் 470-இலிருந்து பழைய 780-ஐ ஒட்டி வந்திருக்கவேண்டும். விட்டம் பெரிதாகித் தெரிந்தாலும் ஓட்டம் ஏறவில்லை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது.

இப்போது அதே 1.7 மி.மீ., அதே 70 சதவீதம் இன்னொருவரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு ஓட்டம் 850, பம்ப் 320-இல் தடையின்றி ஓடுகிறது, யூரியா 70 சதவீதம் குறைகிறது. மணிக்கட்டுத் தமனியின் கீழ்ப்பகுதியிலிருந்து உள்ளங்கை வழியாகவும், பக்கக் கிளைச் சிரைகள் வழியாகவும் ரத்தம் சுற்றி வந்து சேரும்போது இது நடக்கக்கூடியதே. இவருக்கு பலூன் வேண்டாம். அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2019 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பாதிப்பின் அறிகுறி எதுவும் இல்லாத நிலையில், ஸ்கேனில் சுருக்கம் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஃபிஸ்டுலாவை முன்கூட்டி விரிக்க அது பரிந்துரைப்பதில்லை. பலூன் சுவரைக் கிழித்துத்தான் விரிக்கிறது. கிழிந்த சுவர் ஆறும்போது மறுபடி தடிக்கிறது. பலருக்குச் சில மாதங்களில் சுருக்கம் திரும்பி வருவது அதனால்தான். நன்றாக ஓடுவதை விரிக்கப்போய், அடிக்கடி விரிக்கவேண்டிய ஒன்றாக்கிவிடக் கூடாது.

ஸ்கேன் பார்க்க முடியாத இடம்

ஒலி எலும்பைக் கடக்காது. காறை எலும்புக்கு அடியிலும் மார்புக்குள்ளும் போகும் பெரிய சிரைகள் இந்த ஸ்கேனில் சரியாகத் தெரியாது. கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குச் சுருக்கம் வரக்கூடிய இடமும் அதுதான். ‘குறிப்பிடத்தக்க சுருக்கம் இல்லை’ என்று அறிக்கை இருந்தும், ஃபிஸ்டுலா உள்ள கை முழுவதும் வீங்குகிறது, தோளிலும் மார்பிலும் புதிதாகச் சிரைகள் படர்ந்து தெரிகின்றன என்றால், மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம் தேவைப்படும்.

எண் பெரிதாக இருப்பதும் எப்போதும் நல்ல செய்தி ஆகாது. ஓட்டம் நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தாண்டினால், அந்தக் கூடுதல் சுமையை இதயம்தான் இரவும் பகலும் சுமக்கிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால், ஓட்டத்தைக் குறைக்கும் அறுவையைப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய அறிக்கையையும், கடந்த நான்கைந்து டயாலிசிஸில் பம்ப் வேகம், இரு பக்க அழுத்தம் குறித்த தாளையும் கொண்டுபோனால், ஸ்கேன் மருத்துவர் தேடவேண்டிய இடம் பாதி தெரிந்துவிடும். புதிய அறிக்கையில் ஓட்டம் எந்தத் தமனியில் அளக்கப்பட்டது, எத்தனை மி.மீ. விட்டத்தில், சுருக்கம் எந்த இடத்தில், எவ்வளவு அகலம் மிச்சம் என்பவை எழுதப்பட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கலாம். காலையில் எழுந்து கை வைத்துப் பார்க்கும்போது அதிர்வே இல்லை என்றால் மட்டும் ஸ்கேனுக்கு நாள் குறிக்கக் காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போனால் அதே ஃபிஸ்டுலாவைத் திறந்து காப்பாற்ற வழி உண்டு. நாள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.